விடுமுறை வீட்டுச் சமையலறைக்கு ஓர் அட்டை: இண்டக்‌ஷன், ஓவன், ஃபிரிட்ஜ்

விடுமுறை வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் பலர், எல்லாக் கருவிகளின் கையேடுகளையும் ஒரு கோப்பில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதை விருந்தினர் திறந்து பார்ப்பது அபூர்வம். பயணக் களைப்போடு வந்து, பசியோடு அடுப்பின் முன்னால் நிற்பவருக்கு நாற்பது பக்கம் புரட்டப் பொறுமை இருக்காது. அவருக்குத் தேவை ஒரே ஓர் அட்டை. நின்றபடியே ஒரு நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

சிறிய அட்டை என்பதால் எழுதுவது எளிது என்று நினைத்துவிட வேண்டாம். எதை விடுவது என்பதுதான் கடினம். ‘கவனமாகப் பயன்படுத்தவும்’, ‘சுத்தமாக வைத்துக்கொள்ளவும்’ என்றெல்லாம் எழுதினால் இடம்தான் வீணாகும். படிப்பவருக்குப் புதிதாக எதுவும் தெரியவராது. ஒவ்வொரு வரியையும் எழுதும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: இந்தச் சமையலறைக்கு முதன்முறை வருகிறவர் இதைத் தானாகவே ஊகித்துவிடுவாரா? ஊகித்துவிடுவார் என்றால் அந்த வரி வேண்டாம். ஊகிக்க முடியாது, அதனால் சமையல் நின்றுபோகும், காயம்படும், அல்லது கருவி கெட்டுப்போகும் என்றால் அந்த வரி கட்டாயம் வேண்டும்.

இப்படிச் சலித்துப் பார்த்தால் அட்டையில் பாதிக்கும் மேலான இடத்தை இண்டக்‌ஷன் அடுப்பே எடுத்துக்கொள்ளும். கேஸ் அடுப்பில் பல வருடம் சமைத்துப் பழகிய கை, அதே பழக்கத்தோடு இங்கேயும் வேலை செய்யப் பார்க்கும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

சூடு பாத்திரத்தில்தான் உண்டாகிறது

அட்டையில் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் எழுதுகிற நீங்கள் தெரிந்துகொண்டால், எந்த வரி ஏன் வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 20,000 முறைக்கு மேல் திசை மாறி மாறி ஓடுகிறது. அதனால் கண்ணாடிக்கு மேலே வேகமாக மாறுகிற ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. காந்தம் ஒட்டக்கூடிய அடிப்பாகம் உள்ள பாத்திரத்தை அங்கே வைத்தால், அந்த உலோகத்துக்குள்ளேயே மின்னோட்டங்கள் சுழல ஆரம்பித்துப் பாத்திரம் நேரடியாகச் சூடாகிறது. கண்ணாடி தானாகச் சூடாவதில்லை. மேலே இருக்கும் பாத்திரத்தின் சூடுதான் அதற்கு இறங்குகிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன. எல்லாப் பாத்திரமும் வேலை செய்யாது. வேலை செய்கிற பாத்திரம், நாம் எதிர்பார்ப்பதைவிட வேகமாகச் சூடாகும். அடுப்பை அணைத்த பிறகும் கண்ணாடி சுடும். ஆனால் பார்த்தால் தெரியாது. அடுப்பைப் பற்றி அட்டையில் வரவேண்டிய பெரும்பாலான வரிகள் இந்த மூன்றிலிருந்து பிறக்கின்றவைதான்.

‘அடுப்பு வேலை செய்யவில்லை’

வீட்டுக்காரருக்கு வருகிற முதல் தொலைபேசி அழைப்பு அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். அடுப்பு நன்றாகவே இருக்கும். பாத்திரம்தான் பொருந்தாததாக இருக்கும். அலுமினியம், செம்பு, மண், கண்ணாடி ஆகியவை சாதாரண இண்டக்‌ஷனில் சூடாகாது. எவர்சில்வர் என்றால் சொல்ல முடியாது. சிலது சூடாகும், சிலது ஆகாது. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இறுகப் பிடித்துக்கொண்டால் அது பொருந்தும். லேசாகத் தொற்றிக்கொண்டு நழுவினால் நம்ப முடியாது.

சமையலறையில் இருக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் இப்படிச் சோதித்து, பொருந்தாதவற்றை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துவதுதான் உண்மையான தீர்வு. எந்த அட்டையும் இதற்கு ஈடாகாது. பொருந்துகிறவற்றை ஒரே அலமாரியில் வைத்து, அலமாரிக் கதவில் ‘இண்டக்‌ஷன் பாத்திரங்கள்’ என்று ஒட்டிவிடுங்கள். அப்படிச் செய்தாலும் சொந்தப் பாத்திரத்தோடு வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் அட்டையில் அந்த வரி.

இங்கே ஒரு வேலையை நீங்களே செய்தாக வேண்டும். உங்கள் அடுப்பில் ஓர் அலுமினியப் பாத்திரத்தை வைத்து இயக்கி, திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். சில அடுப்புகளில் அடியில் கோடு போட்ட U போன்ற ஒரு குறி மின்னும். சிலவற்றில் பாத்திரத்தின் படம் வரும். இன்னும் சிலவற்றில் எண் மட்டும் மின்னிக்கொண்டே இருக்கும். பிறகு அடுப்பு தானாக அணைந்துவிடும். உங்கள் அடுப்பில் எது வருகிறதோ அதை அப்படியே அட்டையில் வரையுங்கள். இன்னொருவர் வீட்டு அட்டையைப் பார்த்து எழுதினால் விருந்தினர் திரையில் ஒன்றைப் பார்ப்பார், அட்டையில் வேறொன்று இருக்கும்.

பாத்திரம் சரியான வகையாக இருந்தும் அடுப்பு கண்டுகொள்ளாமல் இருக்கலாம். அடிப்பாகம் மிகச் சிறியதாக இருந்தாலோ, வட்டத்தின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தாலோ அப்படி ஆகும். பால் காய்ச்சும் சின்னப் பாத்திரத்தைப் பெரிய வட்டத்தில் வைப்பவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது. ‘சின்னப் பாத்திரத்தைச் சின்ன வட்டத்தில் வையுங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அடுத்தது பூட்டு. குழந்தைகள் தொட்டுவிடாமல் இருக்க, பெரும்பாலான அடுப்புகளில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட ஒரு பொத்தான் உண்டு. ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கும்போதே அது அழுந்திப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எதைத் தொட்டாலும் அடுப்பு அசையாது. திரையில் L என்று மட்டும் வரலாம். சாவிப் படத்தை மூன்று நொடி போல அழுத்திப் பிடித்தால் பல அடுப்புகளில் பூட்டு திறந்துவிடும். உங்கள் அடுப்பில் எப்படி என்று செய்து பார்த்து எழுதுங்கள்.

இயக்கும் வரிசையும் முக்கியம். பல அடுப்புகளில் முதலில் பொதுப் பொத்தானைத் தொட வேண்டும், பிறகு எந்த வட்டம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் பிறகுதான் எண். பொதுப் பொத்தானைத் தொட்டுவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால், சில நொடிகளில் அடுப்பு தானாக அணைந்துவிடும். தெரியாதவர் இதைப் பழுது என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நிமிடத்தில் என்ன நடக்கும்?

இப்போது பாதுகாப்பு. ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அடுப்பின் வேகம் புரியும்.

1,800 வாட் அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீரை வைத்தால், கொதிக்க ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகும். விருந்தினர் மகிழ்ச்சியடைவார். இப்போது அதே அடுப்பில், அதே அளவில், ஒரு கிலோ எடையுள்ள இரும்பு வாணலியை வைத்து இரண்டு கரண்டி எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இல்லை. கொஞ்சம் இரும்பும் துளி எண்ணெயும்தான் இருக்கின்றன. நொடிக்குக் கிட்டத்தட்ட மூன்று டிகிரி வீதம் சூடு ஏறும். ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே 200 டிகிரியை எட்டிவிடும். சமையல் எண்ணெய்கள் பலவும் அதற்குச் சற்று மேலே போனாலே புகைய ஆரம்பிக்கும். அப்படியே விட்டுவிட்டால் தீப்பிடிக்கும்.

கேஸில் சமைக்கிறவர் எண்ணெயை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வெங்காயம் எடுக்கத் திரும்புவார். அங்கே அதற்கு நேரம் இருந்தது. இங்கே இல்லை. அதோடு, எச்சரிக்கை தருகிற நெருப்பும் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டாத பூச்சுள்ள வாணலியைக் காலியாக வைத்தாலும் இதே கதைதான். 260 டிகிரிக்கு மேலே போனால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். இன்னும் சூடு ஏறினால் நச்சுப் புகை வரும்.

அதனால் அட்டையில் ‘எண்ணெயோடு அதிகபட்ச அளவைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று எழுதுவதோடு, எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். 9 வரை போகிற அடுப்பு என்றால் எண்ணெய்க்கு 5 அல்லது 6 பொருத்தமாக இருக்கும். P என்றோ b என்றோ வருகிற அதிவேக அளவு தண்ணீர் கொதிக்கவைக்க மட்டும்தான். இதையும் சொல்லிவிடுங்கள். ‘மிதமான சூடு’ என்று எழுதினால் அவரவர் வீட்டு மிதம் அவரவருக்கு. எண்ணாக எழுதினால் குழப்பமே இல்லை.

எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் பெரிய எழுத்தில், தனிக் கட்டத்தில் போடுங்கள். அந்த நேரத்தில் யாரும் நிதானமாகப் படிக்க மாட்டார்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய்ச் சட்டென்று ஆவியாகி, எரிகிற எண்ணெயை வெளியே வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, மூடியால் மூட வேண்டும். அல்லது தீப்போர்வையால் மூட வேண்டும். ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, பாத்திரத்தைத் தூக்கவும் கூடாது. தீ பெரிதாகிவிட்டால் எல்லோரும் வெளியே போய்த் தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும். அந்த எண்ணும் வீட்டின் முழு முகவரியும் அதே கட்டத்தில் இருக்கட்டும். வெளியூர்க்காரருக்குத் தான் தங்கியிருக்கும் வீட்டின் முகவரி அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. தீப்போர்வையை அடுப்புக்கு மேலே மாட்டிவைக்காதீர்கள். தீயைத் தாண்டிக் கையை நீட்டி எடுக்க வேண்டிவரும். வாசல் பக்கம் மாட்டுங்கள்.

அணைந்த அடுப்பும் சுடும்

பாத்திரத்தை இறக்கிய பிறகு கண்ணாடி கறுப்பாக, பளபளவென்று, சுத்தமாக இருக்கும். சூடாக இருப்பதற்கு ஓர் அடையாளமும் தெரியாது. பெரும்பாலான அடுப்புகள் அந்த வட்டத்துக்கு நேரே H என்று காட்டும். தொட்டால் சுடும் என்பதுதான் அதற்குப் பொருள். H மறையும்வரை கையோ துணியோ பிளாஸ்டிக்கோ படக்கூடாது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போய்விட்டால் திரையும் அணைந்துவிடும். கண்ணாடி சூடாக இருந்தாலும் H தெரியாது. மின்தடை அடிக்கடி வருகிற இடமாக இருந்தால் இதையும் அட்டையில் சேர்த்துவிடுங்கள்.

கண்ணாடி தட்டையாக இருப்பதால் அதை மேசைபோலப் பயன்படுத்தத் தோன்றும். கரண்டி, மூடி, கத்தி, அலுமினியத்தாள் எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது. யாராவது தவறுதலாக அந்த வட்டத்தை இயக்கிவிட்டால், அந்த உலோகமும் சூடாகலாம்.

பால் பொங்கித் தொடுபொத்தான்களின் மேல் வழிந்தால், அடுப்பு சத்தம் எழுப்பி அணைந்துவிடும். பழுது இல்லை, துடைத்துக் காயவைத்து மறுபடி இயக்கினால் போதும். சர்க்கரைப் பாகு வழிந்தால் மட்டும் அவசரம் காட்ட வேண்டும். அது ஆறி இறுகினால் கண்ணாடியில் குழி விழுந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, கையைச் சுட்டுக்கொள்ளாமல், சுரண்டியால் உடனே வழித்தெடுக்க வேண்டும். சுரண்டியை அட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள்.

கண்ணாடியில் விரிசல் தெரிந்தால் சமைக்கவே கூடாது. விரிசல் வழியாகத் திரவம் உள்ளே போனால் மின்சாரம் தாக்கும் அபாயம் உண்டு. சுவரில் இருக்கும் முதன்மை சுவிட்சை அணைத்துவிட்டு உங்களை அழைக்கச் சொல்லுங்கள். அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எழுத மறக்காதீர்கள். ‘முதன்மை சுவிட்சை அணைக்கவும்’ என்று மட்டும் எழுதினால், அது எது என்று விருந்தினருக்கு எப்படித் தெரியும்?

இன்னும் இரண்டு சிறு வரிகள். லேசான ரீங்காரமும், அணைத்த பிறகு சற்று நேரம் ஓடும் மின்விசிறிச் சத்தமும் இயல்பானவை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், இயங்குகிற அடுப்பிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளி நிற்பது நல்லது. மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி நடக்கலாம்.

இவ்வளவும் சேர்ந்து அட்டையில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். என் பார்வையில் இதைவிட நீளமாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள்:

> அடுப்பு
> பொதுப் பொத்தான் → வட்டம் → எண் என்ற வரிசையில் தொடவும்.
> நீல அலமாரியில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவும். U மின்னினால் பாத்திரம் பொருந்தவில்லை, அடுப்பு கெடவில்லை.
> L தெரிந்தால்: சாவிப் படத்தை 3 நொடி அழுத்திப் பிடிக்கவும்.
> எண்ணெய்க்கு 5-க்கு மேல் வேண்டாம். P தண்ணீருக்கு மட்டும். எண்ணெய் வைத்துவிட்டு நகர வேண்டாம்.
> H மறையும்வரை கண்ணாடி சுடும்.
> அடுப்பின் மேல் எதையும் வைக்க வேண்டாம்.
> விரிசல் தெரிந்தால்: கதவுக்கு வலப்பக்கம் உள்ள சிவப்பு சுவிட்சை அணைத்து, எங்களை அழைக்கவும்.
> பேஸ்மேக்கர் உள்ளவர்கள் 60 செ.மீ. தள்ளி நிற்கவும்.

நீல அலமாரி, சிவப்பு சுவிட்ச் என்பதெல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் வீட்டில் உள்ளதை எழுதுங்கள்.

ஓவன்: திறந்து பார்த்துவிட்டு இயக்குங்கள்

ஓவனுக்கு முதல் வரி, ‘இயக்கும் முன் உள்ளே பாருங்கள்’ என்பதாக இருக்கட்டும். முன்பு தங்கியவர் தட்டுகளையும் பிளாஸ்டிக் டப்பாக்களையும் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். புதியவர் ஓவனைத் திறக்காமலேயே முன்சூடு செய்ய ஆரம்பிப்பார். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் உருகி வழியும்.

அடுத்து, ஓவனிலும் ‘வேலை செய்யவில்லை’ உண்டு. கடிகாரம் உள்ள பல ஓவன்கள், மின்சாரம் போய் வந்த பிறகு நேரத்தைச் சரிசெய்யும்வரை சூடாகாது. திரையில் 0:00 அல்லது 12:00 மின்னிக்கொண்டிருக்கும். திருகைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. நேரம் வைக்க எந்தப் பொத்தான்களை அழுத்த வேண்டும் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். உங்களுடையதை ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

திருகில் உள்ள படங்களை எல்லாம் விளக்கப் போகாதீர்கள். மூன்று போதும். மேலும் கீழும் ஒவ்வொரு கோடு இருந்தால் மேல், கீழ் இரண்டு பக்கமிருந்தும் சூடு வரும். விசிறிப் படம் இருந்தால் சூடான காற்று உள்ளே சுழலும். குறிப்பில் சொன்னதைவிட 20 டிகிரி குறைவாக வைத்தால் சரியாக இருக்கும். மேலே மட்டும் வளைந்து நெளிந்த கோடு இருந்தால் அது கிரில். அப்படியே, ஓவன் செல்சியஸில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஃபாரன்ஹீட் பழகியவரின் குறிப்பில் 350 என்று இருக்கும். செல்சியஸில் அது 180-க்குச் சற்றுக் குறைவு. 350 தேடித் திருகைக் கடைசி எண்வரை திருப்பிவிட்டால் உணவு கருகிப்போகும்.

தானாகச் சுத்தம் செய்யும் வசதி உள்ள ஓவன் என்றால், அந்த வசதியை விருந்தினர் தொடவே வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள். அதில் உள்ளே ஏறக்குறைய 500 டிகிரிவரை போகும், கதவு பூட்டிக்கொள்ளும், ஒட்டியிருக்கும் கொழுப்பு எரிந்து புகை வரும். ஆர்வத்தில் பொத்தானை அழுத்தியவர் மணிக்கணக்கில் ஓவனைத் திறக்க முடியாமல் பயந்துபோவார். என்னைக் கேட்டால், ஓவன் பகுதியில் தீ எச்சரிக்கைக்கு அடுத்தபடி முக்கியமான வரி இதுதான்.

காயங்களில் ஒன்று எளிதில் தவிர்க்கக்கூடியது. ஈரத்துணியால் சூடான தட்டைப் பிடித்தால் துணியில் உள்ள தண்ணீர் வழியாகச் சூடு கைக்கு வேகமாக வந்துவிடும். காய்ந்த கையுறையால்தான் எடுக்க வேண்டும். இரண்டு கையுறைகளை ஓவனுக்குப் பக்கத்திலேயே கொக்கியில் மாட்டுங்கள். இழுப்பறைக்குள் வைத்தால் தேடாமல் கையில் கிடைத்த ஈரத்துணியை எடுப்பார்கள். ஓவனிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை ஈரமான மேடையிலோ குளிர்ந்த கல்லிலோ வைத்தால் சட்டென்று உடைந்து சிதறலாம். ஒரு மரப்பலகையைக் காட்டி, ‘இதன்மேல் வைக்கவும்’ என்று எழுதினால் போதும்.

உள்ளே ஏதாவது தீப்பிடித்தால் கதவைத் திறக்கக் கூடாது. ஓவனை அணைக்க வேண்டும். காற்று கிடைக்காமல் தீ அடங்கும்.

ஃபிரிட்ஜ்: அணைக்காதீர்கள், எண்ணைக் கூட்டாதீர்கள்

வெளியே கிளம்பும்போது எல்லா சுவிட்சுகளையும் அணைப்பது நல்ல பழக்கம். அந்த நல்ல பழக்கத்தால் ஃபிரிட்ஜும் அணைந்துவிடும். சமையலறைச் சுவரில் நான்கு சுவிட்சுகள் ஒரே வரிசையில் ஒரே மாதிரி இருந்தால், எது ஃபிரிட்ஜுக்கு என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் பால் திரிந்திருக்கும். இதற்கு அட்டையில் வரி எழுதுவதைவிட, அந்த சுவிட்சின் மேலேயே ‘ஃபிரிட்ஜ் – அணைக்க வேண்டாம்’ என்று ஒட்டுவது நல்லது. முடிந்தால் அந்த சுவிட்சுக்கு ஒரு மூடி போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் திருகு. அதில் 1 முதல் 7 வரை எண்கள் இருக்கும். நிறையப் பேர் அதை டிகிரி என்று நினைத்து, குறைந்த எண்ணில் வைத்தால் அதிகக் குளிர் என்று 1-க்குத் திருப்பிவிடுவார்கள். உண்மை நேர்மாறானது. வழக்கமாக அந்த எண் குளிர்விக்கும் வலிமையைக் காட்டுகிறது. எண் கூடக் கூடக் குளிர் கூடும். திரையில் டிகிரி காட்டுகிற ஃபிரிட்ஜில்தான் குறைந்த எண் அதிகக் குளிர். ஆகவே உங்களுடையது எந்த வகை என்று எழுதிவிட்டு, ‘3-இலேயே இருக்கட்டும்’ என்று முடித்துவிடுங்கள்.

அந்த 3 சரிதானா என்று நீங்கள் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஃபிரிட்ஜ் வெப்பமானியைப் போட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். ஃப்ரீசர் -18 டிகிரியில் இருக்க வேண்டும். காற்றின் சூட்டை அளந்தால் கதவைத் திறந்த உடனேயே எண் மாறிவிடும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதனால்தான் டம்ளர்.

வீடு காலியாக இருக்கும்போது ஃபிரிட்ஜை அணைத்து வைப்பவராக இருந்தால், விருந்தினர் வருவதற்கு முந்தைய நாளே இயக்கிவிடுங்கள். குளிர்ந்து நிலைப்பதற்குப் பல மணி நேரம் ஆகும். வந்த அன்றே இயக்கினால், ‘குளிரவில்லையே’ என்று அவர்கள் எண்ணைக் கடைசிவரை கூட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். மறுநாள் காய்கறி உறைந்து கிடக்கும்.

உணவைப் பற்றி அட்டைக்கு இரண்டு வரிகள் போதும். பச்சை இறைச்சியும் மீனும் மூடிய டப்பாவில் கீழ்த்தட்டில் இருக்கட்டும். அதன் நீர் சமைத்த உணவின்மேல் சொட்டக் கூடாது. சமைத்தது மீந்தால், ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பெரிய பாத்திரத்தோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரம் ஆகும். கிருமிகள் பெருக அதுவே வசதியான சூடு.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. மூடியே இருந்தால் ஃபிரிட்ஜில் உள்ளவை ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம்வரை தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். அதற்கு மேல் ஆகிவிட்டால் பாலையும் இறைச்சியையும் சமைத்த உணவையும் கொட்டிவிடச் சொல்லுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கெட்ட உணவு எல்லாம் நாறுவதில்லை.

ஃப்ரீசரில் கண்ணாடி பாட்டிலை வைக்கக் கூடாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது, பாட்டில் வெடித்துவிடும். பனிக்கட்டி சேர்ந்திருந்தால் கத்தியால் குத்தி எடுக்கவும் கூடாது. சுவருக்குள் மெல்லிய குழாய் ஓடுகிறது. இப்போது வருகிற பல ஃபிரிட்ஜ்களில் அதற்குள் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன் வாயு. பனி கட்டினால் உங்களிடம் சொல்லும்படி எழுதினால் போதும்.

ஒட்டும் முன் ஒரு சோதனை

மூன்று கருவிக்கும் ஒரே பெரிய தாள் வேண்டாம். அடுப்புக்கும் ஓவனுக்கும் ஓர் அட்டை, ஃபிரிட்ஜுக்கு அதன் கதவிலேயே இன்னொன்று. ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்க முடிகிற எழுத்து, பிளாஸ்டிக் உறை, குறிகளுக்குக் கையால் வரைந்த படம் அல்லது உங்கள் அடுப்பின் புகைப்படம். அடுப்புக்கு நேர் மேலே ஒட்டாதீர்கள். எண்ணெய் தெறித்து மங்கிவிடும், படிக்க அடுப்பின்மேல் குனிய வேண்டிவரும். பக்கச் சுவரில், கண் மட்டத்தில் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும், இண்டக்‌ஷனில் சமைத்தே இராத ஒருவரைக் கூப்பிடுங்கள். அட்டையைக் காட்டி, ‘ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வையுங்கள், அப்புறம் ஓவனை 180-இல் முன்சூடு செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். வாயைத் திறந்து உதவக் கூடாது. அவர் எங்கே கை தயங்குகிறாரோ, எந்த வரியை இரண்டாவது தடவை படிக்கிறாரோ, அங்கே எழுத்து சரியில்லை. பொதுப் பொத்தானைத் தொட்டுவிட்டு வட்டத்தைத் தேடிக்கொண்டே நிற்கிறார், அடுப்பு அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘வட்டம்’ என்ற சொல் அவருக்குப் போதவில்லை. எந்தப் பொத்தான் எந்த வட்டத்துக்கு என்று படத்தில் அம்புக்குறி போட வேண்டும். திருத்திவிட்டு இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். முதலாமவருக்கு இப்போது பதில் தெரிந்துவிட்டது, அவர் இனிச் சோதனைக்கு உதவ மாட்டார்.

கருவி ஒன்றை மாற்றினால் அன்றைக்கே பழைய அட்டையைக் கழற்றிவிடுங்கள். புது அடுப்பில் பூட்டு வேறு பொத்தானில் இருக்கும், குறி வேறாக இருக்கும். புது அட்டை எழுதும்வரை சுவர் காலியாக இருந்தால் விருந்தினர் உங்களை அழைத்துக் கேட்பார். தவறான அட்டை தொங்கினால் அதை நம்பி எதையாவது செய்துவிடுவார்.